மவுஸ் நின்றுபோனால் நம்பர் பேடால் பாயிண்டரை ஓட்டுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி ஆபீஸில் பல வருஷமாகக் கணக்கும் டிஸ்பேட்ச் பில்லும் பார்க்கிறேன். பக்கத்து யூனிட்களிலிருந்தும், ஈரோட்டில் மஞ்சள் மண்டியில் கணக்கு எழுதும் என் அக்காவிடமிருந்தும், பொள்ளாச்சி, நாமக்கல் பக்கம் உள்ள தெரிந்தவர்களிடமிருந்தும் இது பற்றி அடிக்கடி போன் வரும். அவர்கள் கேட்டதையும் நான் சொன்னதையும் சேர்த்து எழுதி வைக்கிறேன். எல்லாமே விண்டோஸ் 10, 11 கம்ப்யூட்டர்களை வைத்துச் சொல்வது, நம் பக்கத்து ஆபீஸ்களில் பெரும்பாலும் அதுதான் இருக்கிறது.

மவுஸ் செத்துப்போச்சுங்க, கடையும் சாத்திட்டாங்க, லோடு நிக்குது. இப்ப உடனே என்ன செய்யறது?

கீபோர்டின் இடது பக்கம் உள்ள ஆல்ட், இடது பக்கம் உள்ள ஷிஃப்ட் இரண்டையும் அழுத்திப் பிடித்துக்கொண்டு, வலது ஓரத்து நம்பர் பேடின் மேல் மூலையில் இருக்கும் நம் லாக்கை ஒரு தட்டுத் தட்டுங்கள்.

```
Left Alt + Left Shift + Num Lock
```

ஒரு ஒலி கேட்கும், சின்னப் பெட்டி ஒன்று திறந்து Mouse Keys வேண்டுமா என்று கேட்கும், என்டர் தட்டினால் போதும். இப்போது நம்பர் பேடில் 6-ஐ அழுத்திப் பிடியுங்கள், அம்பு வலப்பக்கம் நகர வேண்டும். நகரவில்லையென்றால் நம் லாக் விளக்கைப் பாருங்கள். வழக்கமான அமைப்பில் அந்த விளக்கு எரிந்தால்தான் இது வேலை செய்யும், அணைந்திருந்தால் நம் லாக்கை மட்டும் ஒரு தடவை தட்டிவிட்டு மறுபடி பாருங்கள். வலது பக்கத்து ஆல்ட், ஷிஃப்ட்டை அழுத்திவிட்டு "வரலையே" என்று சொல்பவர்கள் நிறைய, இரண்டுமே இடது பக்கத்தாகத்தான் இருக்க வேண்டும்.

இதற்கென்று எதையும் டவுன்லோடு செய்ய வேண்டியதில்லை. விண்டோஸுக்குள்ளேயே இருப்பதுதான். கையால் மவுஸைப் பிடித்து ஓட்ட முடியாதவர்களுக்காகச் செய்து வைத்தது, மவுஸ் போன நேரத்தில் நமக்கும் கை கொடுக்கிறது.

அழுத்திப் பார்த்தேன், பெட்டியே வரலைங்க. வேற வழி இருக்கா?

அந்த மூன்று கீ குறுக்குவழியை யாராவது நிறுத்தி வைத்திருக்கலாம். குழந்தைகள் விளையாடும் கம்ப்யூட்டரில் ஷிஃப்ட்டைத் தட்டத் தட்டப் பெட்டி வருகிறதென்று இந்த மாதிரி குறுக்குவழிகளை எல்லாம் சேர்த்து நிறுத்திவிடுவார்கள். அப்படியிருந்தால் விண்டோஸ் கீயும் R-உம் சேர்த்து அழுத்துங்கள், சின்னக் கட்டம் ஒன்று திறக்கும், அதில் இதை அடித்து என்டர் தட்டுங்கள்:

```
ms-settings:easeofaccess-mouse
```

நேராக Mouse Keys பக்கத்துக்கே போய்விடும். அங்கே டேப் கீயைத் தட்டத் தட்ட, எந்த இடத்தில் நிற்கிறோம் என்று ஒரு கட்டம் சுற்றிக் காட்டும். ஆன் ஆஃப் சுவிட்சில் அந்தக் கட்டம் வந்து நின்றதும் ஸ்பேஸ் பாரைத் தட்டினால் ஆன் ஆகிவிடும். அந்த வரி ஞாபகம் வராவிட்டால் விண்டோஸ் கீயைத் தட்டி `mouse keys` என்று அடித்துத் தேடினாலும் அதே இடம் வரும்.

மவுஸ்தான் போச்சா, கம்ப்யூட்டரே நின்னுபோச்சான்னு எப்படித் தெரிஞ்சுக்கறது?

நம் லாக்கைத் தட்டிப் பாருங்கள். விளக்கு அணைந்து எரிந்தால் கம்ப்யூட்டர் உயிரோடுதான் இருக்கிறது, கோளாறு மவுஸ் பக்கம். எவ்வளவு தட்டியும் விளக்கு அசையாமல் அப்படியே நின்றால், கீபோர்டு வயரும் நன்றாகச் சொருகியிருந்தால், உள்ளே ஏதோ உறைந்துவிட்டது என்று அர்த்தம். அப்போது நம்பர் பேடு வித்தை எதுவும் உதவாது.

மவுஸ் பக்கம் என்று தெரிந்தபிறகு அதைத் தலைகீழாகத் திருப்பி அடியில் விளக்கு எரிகிறதா பாருங்கள். வயர் உள்ள மவுஸில் எரியவில்லையென்றால் கழற்றி சிபியுவின் பின்பக்கத்து யுஎஸ்பி துளையில் சொருகுங்கள், முன்பக்கத்துத் துளைகள் சீக்கிரம் லூஸ் ஆகிவிடும். எங்கள் தறிக்கூடம், பனியன் கம்பெனி பக்கம் பஞ்சுத்தூசி வேறு, அடியில் அந்தக் குழியில் ஒரு நூல் மாட்டியிருந்தாலே அம்பு துடிக்கும், ஓடாது. வயர் இல்லாத மவுஸ் என்றால் பேட்டரிதான் முதல் சந்தேகம். இதையெல்லாம் இரண்டு நிமிஷம் பார்த்துவிட்டு, வரவில்லையென்றால் அதோடு மல்லுக்கட்டாமல் நம்பர் பேடுக்கு வந்துவிடுங்கள்.

இன்னொன்று. செத்த மவுஸைச் சொருகியே வைத்திருக்க வேண்டியதில்லை. மவுஸே சொருகாத கம்ப்யூட்டரில் திரையில் அம்பே தெரியாமல் போவது உண்டு, ஆனால் Mouse Keys ஆன் ஆனதும் அம்பு வந்துவிடும்.

எந்த நம்பர் எதுக்குங்க? எல்லாத்தையும் மனப்பாடம் பண்ணணுமா?

5-ஐ நடுவில் வைத்துப் பாருங்கள், அதுதான் கிளிக். அதைச் சுற்றியிருக்கும் எட்டு நம்பரும் எட்டுத் திசை. 8 மேலே, 2 கீழே, 4 இடம், 6 வலம், மூலைகளில் இருக்கும் 7, 9, 1, 3 அந்தந்த மூலைக்குச் சாய்வாகப் போகும். மனப்பாடம் எதுவும் வேண்டாம், விரல் தானாகப் பழகிவிடும். கூட்டல் குறி டபுள் கிளிக்.

இந்த அளவுக்கே முக்கால்வாசி வேலை முடிந்துவிடும். மீதியுள்ள கழித்தல், வகுத்தல், 0, புள்ளி நான்கையும் கீழே தனித்தனியாகச் சொல்கிறேன், ஏனென்றால் தடுமாற்றம் எல்லாம் அவற்றில்தான் வருகிறது.

ஒரே ஒரு தடவை ரைட் கிளிக் பண்ணினேன். அதுக்கப்புறம் எங்க 5 அழுத்தினாலும் மெனு மெனுவா வருது!

எனக்கு வரும் போன்களில் அதிகம் இதுதான். மவுஸில் இடது பட்டனும் வலது பட்டனும் தனித்தனியாக இருக்கும், இங்கே கிளிக்குக்கு இருப்பது 5 ஒன்றுதான். அந்த 5 இடது பட்டனாக இருக்க வேண்டுமா வலது பட்டனாக இருக்க வேண்டுமா என்பதை வேறு கீ தீர்மானிக்கிறது. கழித்தல் குறியைத் தட்டினால் 5 வலது பட்டனாகிவிடும், அப்புறம் நீங்கள் மாற்றும்வரை வலதாகவே இருக்கும். ஒரு கிளிக் முடிந்ததும் தானாகத் திரும்பி வராது. வகுத்தல் குறியைத் தட்டுங்கள், 5 மறுபடி இடது பட்டனாகிவிடும். பெருக்கல் குறி இரண்டு பட்டனையும் சேர்த்து அழுத்துவதற்கு, அது ஆபீஸ் வேலைக்குத் தேவைப்பட்டு நான் பார்த்ததில்லை.

நான் பழகிக்கொண்ட முறை, ரைட் கிளிக்குக்குக் கழித்தல், 5, உடனே வகுத்தல் என்று மூன்றையும் ஒரே மூச்சில் தட்டிவிடுவது. வகுத்தல் தட்டுவதால் திறந்த மெனு மூடாது. அதைவிட நல்லது, இதற்கு மவுஸ் கீயே வேண்டாமல் ஷிஃப்ட்டும் F10-உம் சேர்த்து அழுத்துவது. எதைத் தேர்ந்தெடுத்து வைத்திருக்கிறீர்களோ அதற்கான ரைட் கிளிக் மெனு வந்துவிடும்.

இப்போது எந்தப் பட்டனில் இருக்கிறோம் என்று சந்தேகம் வந்தால் கடிகாரம் இருக்கும் மூலையில் ஒரு சின்ன மவுஸ் படம் இருக்கிறதா பாருங்கள். அதில் எந்தப் பக்கம் அழுத்தமாகத் தெரிகிறதோ அந்தப் பட்டன்தான் இப்போது 5-இல் உட்கார்ந்திருக்கிறது. படம் ஒளிந்திருந்தால் தேடிக்கொண்டிருக்காமல் வகுத்தலைத் தட்டிவிடுங்கள்.

நாள் முழுக்க நம்பர் அடிக்கிற வேலைங்க எனக்கு. நம்பர் பேடையே மவுஸ் ஆக்கிட்டா தொகை எப்படி அடிக்கறது?

ஈரோட்டு அக்கா கேட்ட கேள்வி இது, நியாயமான கேள்வி. மஞ்சள் மூட்டை எடை, விலை, கமிஷன் என்று அவர் விரல் நம்பர் பேடை விட்டு நகர்வதே இல்லை. மவுஸ் கீ ஆன் ஆன பிறகு 4750 என்று அடிக்கப் போனால் அம்பு இடப்பக்கம் போய், மூலைக்கு ஏறி, எங்கேயோ ஒரு கிளிக் விழுந்து, கடைசிப் பூஜ்யத்தில் எதையோ பிடித்துக்கொண்டு நிற்கும்.

உடனே எல்லாருக்கும் தோன்றுவது நம் லாக்கை அணைப்பது. அணைத்தால் மவுஸ் கீ நின்றுவிடும், அது சரி, ஆனால் நம்பரும் வராது. நம் லாக் அணைந்த நம்பர் பேடு அம்புக்குறி கீ, ஹோம், எண்ட் என்று வேறு வேலை பார்க்கும். தொகை அடிக்கும் கட்டத்தில் கர்சர் முன்னும் பின்னும் தாவும், அவ்வளவுதான். வழக்கமான அமைப்பில் இதுதான் சிக்கல்: விளக்கு எரிந்தால் அம்பு, அணைந்தால் கர்சர், நம்பர் மட்டும் இரண்டிலும் இல்லை. அவசரத்துக்கு மேல்வரிசை எண்களில் அடிக்கலாம், ஆனால் கணக்குக்காரர்களுக்கு அது கை பழகாத இடம், தப்பு விழும்.

ஒரே ஒரு டிக்கை எடுத்துவிட்டால் இது தீர்ந்துவிடும். மேலே சொன்ன செட்டிங்ஸ் பக்கத்தில் Mouse Keys-க்குக் கீழேயே Num Lock பற்றி ஒரு வரி இருக்கும், நம் லாக் ஆனில் இருக்கும்போது மட்டும் மவுஸ் கீ வேலை செய்யட்டும் என்ற பொருளில். டேப் அடித்து அங்கே போய் ஸ்பேஸ் தட்டி அந்த டிக்கை எடுங்கள். இப்போது எல்லாம் தலைகீழ். விளக்கு எரிந்தால் நம்பர், அணைந்தால் அம்பு. தொகை அடித்துக்கொண்டே இருக்கலாம், எங்கேயாவது கிளிக் தேவைப்பட்டால் நம் லாக்கை ஒரு தட்டு, நகர்த்தி 5, மறுபடி நம் லாக் ஒரு தட்டு, திரும்ப நம்பர். இழப்பு என்று பார்த்தால் நம்பர் பேடில் இருக்கும் ஹோம், எண்ட், அம்புக்குறிகள்தான், அவை பெரிய கீபோர்டில் நடுவில் தனியாகவே இருக்கின்றன.

அக்கா அன்று இரவு எட்டரை வரை அப்படித்தான் கணக்கை முடித்தார். "விளக்கப் பாத்துக்கிட்டா போதும் கண்ணு" என்றார் மறுநாள். உண்மையில் அந்த விளக்குதான் எல்லாம். தொகை அடிக்கும் முன் விளக்கை ஒரு பார்வை பார்க்கும் பழக்கம் வந்துவிட்டால் தப்பு வராது. சில கீபோர்டுகளில் நம் லாக்குக்கு விளக்கே இருக்காது, அதில் முதல் நம்பர் கட்டத்தில் விழுந்ததா என்று பார்த்துவிட்டு மீதியை அடியுங்கள்.

நம்பர் பேடில் இருக்கும் என்டர் மட்டும் எந்த நிலையிலும் என்டர்தான், அதை மவுஸ் கீ தொடாது.

நத்தை மாதிரி போகுதுங்க. ஒரு ஓரத்துல இருந்து இன்னொரு ஓரம் போறதுக்குள்ள பொறுமை போயிடுது.

தட்டித் தட்டி நகர்த்தாதீர்கள், அழுத்திப் பிடியுங்கள். பிடித்தவுடன் மெதுவாகக் கிளம்பும், பிடித்துக்கொண்டே இருந்தால் வேகம் கூடிக்கொண்டே போகும். விட்டு விட்டுப் பிடித்தால் ஒவ்வொரு தடவையும் முதலிலிருந்து மெதுவாகவே கிளம்பும், அதனால்தான் நத்தையாகத் தெரிகிறது.

அதே செட்டிங்ஸ் பக்கத்தில் இரண்டு ஸ்லைடர் இருக்கும். ஒன்று உச்ச வேகம், இன்னொன்று அந்த வேகத்தை எவ்வளவு சீக்கிரம் எட்டுவது என்பது. டேப்பில் அங்கே போய் வலது அம்புக்குறி கீயைத் தட்டி இரண்டையும் கூட்டலாம். உச்ச வேகத்தைத் தாராளமாகக் கூட்டிவிட்டு மற்றதை அளவாகக் கூட்டுவது எனக்கு ஒத்துவருகிறது. இரண்டையும் கடைசிவரை தள்ளினால் பட்டனைத் தாண்டித் தாண்டிப் போகும், திரும்ப வரும், மறுபடி தாண்டும்.

கன்ட்ரோலைப் பிடித்துக்கொண்டு நகர்த்தினால் வேகம், ஷிஃப்ட்டைப் பிடித்துக்கொண்டு நகர்த்தினால் மெதுவாக, இப்படி ஒரு வசதியும் அதே பக்கத்தில் டிக் போட்டு வைத்துக்கொள்ளலாம். சின்னக் கட்டத்தின் மேல் சரியாக நிறுத்த ஷிஃப்ட் ரொம்ப உதவும்.

அம்பு எங்க நிக்குதுன்னே கண்டுபிடிக்க முடியலைங்க.

7-ஐ நன்றாக அழுத்திப் பிடித்துக்கொண்டே இருங்கள். எங்கே இருந்தாலும் மேலேயோ இடப்பக்கமோ ஓரத்தில் முட்டி, அப்படியே ஓரத்தோடு சரிந்து இடது மேல் மூலைக்கு வந்துவிடும். அங்கிருந்து கிளம்புங்கள்.

எல்லாம் புரியுது, ஆனா நிஜமா ஒரு வேலைய இதுல முடிச்சிருக்கீங்களா? எப்படின்னு வரிசையா சொல்லுங்க.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம். பதினான்கு அட்டைப்பெட்டி கட்டி முடித்து வாசலில் அடுக்கியாகிவிட்டது, லாரி ஆபீஸில் வண்டி கிளம்புவதற்குள் போட வேண்டும், அவர்களுடைய வெப்சைட்டில் புக்கிங் போட்டு ரசீது எடுத்தால்தான் பெட்டியை ஏற்றுவார்கள். அந்த நேரத்தில் மவுஸ் அடி விளக்கு அணைந்து போனது. செக்கிங் அண்ணன் வாசலில் நின்றுகொண்டு "ஆச்சுங்களா, ஆச்சுங்களா" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

மவுஸ் கீயை ஆன் செய்தேன், ஆனால் உடனே அம்பை ஓட்ட ஆரம்பிக்கவில்லை. முதலில் விண்டோஸ் கீயும் மேல் அம்புக்குறியும் அழுத்தி பிரவுசரைத் திரை முழுக்க விரித்தேன். பெயர், ஊர், பின்கோடு, பெட்டி எண்ணிக்கை எல்லாவற்றையும் டேப் அடித்து டேப் அடித்தே நிரப்பினேன். எண்களை மேல்வரிசையில் அடித்தேன், அன்றைக்கு அந்த நம் லாக் டிக் விஷயம் எனக்குத் தெரியாது. சரக்கு வகை என்று இருந்த பட்டியலில் கீழ் அம்புக்குறியே போதுமாக இருந்தது. இதுவரை பாயிண்டருக்கு வேலையே இல்லை, அதுதான் நான் சொல்ல வருவது. கீபோர்டால் போக முடிந்த தூரம் கீபோர்டிலேயே போய்விட்டு, கடைசி இரண்டடிக்கு மட்டும் மவுஸ் கீயைக் கூப்பிட்டால் நேரம் பாதியாகும்.

இரண்டு இடத்தில் மாட்டியது. தேதிக் கட்டத்தில் அடிக்க விடவில்லை, காலண்டரைத் திறந்து தேதியை அழுத்தச் சொன்னது. கடைசியில் நிபந்தனைகளுக்குச் சம்மதம் என்று ஒரு சின்ன டிக் கட்டம், டேப் அதைத் தாண்டித் தாண்டிப் போனது.

தேதிக்கு 7-ஐப் பிடித்து மூலைக்கு வந்தேன். அங்கிருந்து 3-ஐப் பிடித்தால் சாய்வாகக் கீழே வலப்பக்கம் இறங்கும். தேதிக் கட்டம் இருக்கும் உயரத்துக்கு வந்ததும் விட்டுவிட்டு 6-ஐப் பிடித்துக் கிடையாகப் போனேன். முதல் தடவை தாண்டிவிட்டது. திரும்பி வரும்போது பிடிக்காமல் 4-ஐ ஒவ்வொரு தட்டாகத் தட்டினேன், ஒரு தட்டுக்கு அம்பு துளிதான் நகரும். கட்டத்தின் மேல் வந்து 5. காலண்டர் திறந்தது, தேதிகள் பக்கத்திலேயே இருந்ததால் இரண்டு மூன்று தடவை 2, ஒரு தடவை 6, அப்புறம் 5.

டிக் கட்டம் ரொம்பச் சின்னது. அதற்குப் பக்கத்தைப் பெரிதாக்கினேன், கன்ட்ரோலும் மேல்வரிசையில் இருக்கும் கூட்டல் குறியும் அழுத்தினால் பெரிதாகும். நம்பர் பேடின் கூட்டலை அழுத்தக்கூடாது, அது இப்போது டபுள் கிளிக். மூன்று தடவை அழுத்தியதும் டிக் கட்டம் விரல்நுனி அளவுக்கு வந்துவிட்டது, ஆனால் பக்கம் நீண்டு அது திரைக்குக் கீழே போய்விட்டது. கன்ட்ரோல் F அழுத்தி அந்த வரியில் இருந்த ஒரு சொல்லை அடித்தேன், பக்கம் தானாக அங்கே வந்து நின்றது, எஸ்கேப் தட்டித் தேடல் பெட்டியை மூடினேன். கட்டம் பெரிதாகிவிட்டதால் ஒரே முயற்சியில் அம்பை நிறுத்தி 5 தட்ட முடிந்தது. சமர்ப்பிக்கும் பட்டனுக்கு டேப், என்டர். ரசீதுக்குக் கன்ட்ரோல் P, என்டர்.

மொத்தம் பன்னிரண்டு நிமிஷம் ஆனது. மவுஸ் இருந்திருந்தால் நான்கு நிமிஷ வேலை. பெட்டி அன்றைக்கே ஏறிவிட்டது.

எதையாவது பிடிச்சு இழுக்கணும்னா? ஒரு வெப்சைட்ல படத்துண்ட இழுத்துப் பொருத்தச் சொல்லுது.

அதற்குத்தான் 0-உம் புள்ளியும். இழுக்க வேண்டியதன் மேல் அம்பைக் கொண்டுபோய் 0 தட்டுங்கள், மவுஸ் பட்டனை அழுத்திப் பிடித்ததற்குச் சமம், கையை எடுத்தாலும் பிடித்தபடியே இருக்கும். 6-ஆல் நகர்த்துங்கள், பொருந்தும் இடம் நெருங்கும்போது ஒவ்வொரு தட்டாக. சரியாக வந்ததும் புள்ளியைத் தட்டுங்கள், விட்டுவிடும்.

புள்ளியை மறந்தால் வேடிக்கையாக ஏதேதோ நடக்கும். அம்பு போகுமிடமெல்லாம் எழுத்து நீலமாகிக்கொண்டே வரும், அல்லது டெஸ்க்டாப் படம் ஒன்று கூடவே ஒட்டிக்கொண்டு வரும். வைரஸ் என்று பயந்து ஒருவர் கம்ப்யூட்டரையே அணைத்துவிட்டார். ஒரு புள்ளி தட்டினால் முடிந்தது.

ஒரு விண்டோவை நகர்த்துவதற்காக இவ்வளவும் வேண்டாம், ஆல்ட்டும் ஸ்பேஸும் அழுத்தி, M தட்டி, அம்புக்குறிகளால் நகர்த்தி என்டர் கொடுங்கள். எக்செல்லில் லோகோ மாதிரிப் படங்களைத் தேர்ந்தெடுத்துவிட்டால் அம்புக்குறியாலேயே நகரும்.

ஸ்க்ரோல் பண்ண எந்த நம்பர்?

நம்பர் பேடில் அதற்கு எதுவும் இல்லை. நடுவில் தனியாக இருக்கும் பேஜ் டவுன், பேஜ் அப் கீகளையும் ஸ்பேஸ் பாரையும் பயன்படுத்துங்கள். மவுஸ் கீ ஆனில் இருந்தாலும் அவை வழக்கம்போலவே வேலை செய்யும்.

அந்த மூணு கீயையும் அழுத்தினதுக்கப்புறம் இங்கிலீஷ் அடிச்சா தமிழ் வருதுங்க.

தமிழ் கீபோர்டும் போட்டு வைத்திருக்கும் கம்ப்யூட்டரில் இது நடக்கும். இடது ஆல்ட்டும் ஷிஃப்ட்டும் சேர்ந்தால் மொழி மாற்றும் குறுக்குவழி. நம் லாக்கைத் தட்டுவதற்குள் விரலை எடுத்துவிட்டால் கம்ப்யூட்டர் அதை மொழி மாற்றம் என்று எடுத்துக்கொள்ளும். அதே இரண்டு கீயை இன்னொரு தடவை அழுத்தினால் பழைய மொழிக்கே வந்துவிடும். பாஸ்வேர்டு அடிக்கும் முன் கடிகாரத்துக்குப் பக்கத்தில் எந்த மொழி என்று பாருங்கள், எழுத்து தெரியாத கட்டத்தில் தமிழில் அடித்துக்கொண்டே இருந்து, மூன்று தடவை தப்பு என்று கணக்கு பூட்டிக்கொண்டவர்கள் இருக்கிறார்கள்.

என்னோடது லேப்டாப்புங்க, நம்பர் பேடே இல்ல. மேல இருக்கற நம்பர்ல வராதா?

வராது. விண்டோஸ் மவுஸ் கீக்கு நம்பர் பேடின் கீகள்தான் வேண்டும், மேல்வரிசை எண்கள் வேறு கீகள். சில பழைய லேப்டாப்களில் 7, 8, 9 வரிசைக்குக் கீழே U, I, O, அதற்குக் கீழே J, K, L, கடைசியில் M என்று அந்தக் கீகளின் ஓரத்தில் சின்னதாக நம்பர் அச்சடித்திருக்கும். அதில் Fn-உடன் நம் லாக் அழுத்தினால் அந்தக் கீகள் நம்பர் பேடாக மாறும், மவுஸ் கீயும் அதில் ஓடும். புது லேப்டாப்களில் அது அரிது. பக்கத்து மேஜையில் இருக்கும் யுஎஸ்பி கீபோர்டைக் கழற்றிச் சொருகுவதுதான் சுலபம், சொருகியதும் அதன் நம்பர் பேடு வேலை செய்ய ஆரம்பித்துவிடும்.

ஆனால் லேப்டாப்பில் டச்பேடு இருக்குமே. அது செத்துப்போனதாகத் தெரிந்தால் முதலில் F வரிசைக் கீகளில் டச்பேடு படம் போட்ட கீ இருக்கிறதா பாருங்கள். தவறிப்போய் விரல் பட்டு ஆஃப் ஆகியிருக்கும், அதே கீயை மறுபடி தட்டினால் வந்துவிடும்.

மணிக்கட்டு வலிக்கு டாக்டர் மவுஸ் பிடிக்க வேண்டாம்னு சொல்லிட்டார். தினமும் இதையே வச்சுக்கலாமா?

வைத்துக்கொள்ளலாம். கையில் மவுஸ் பிடிக்கவோ சட்டென்று நிறுத்தவோ முடியாதவர்களுக்கென்றே உண்டானது இது. தினமும் என்றால் மேலே சொன்ன நம் லாக் டிக்கைக் கட்டாயம் எடுத்துவிடுங்கள், வேகத்தையும் ஒரு நாள் உட்கார்ந்து உங்கள் கைக்குத் தகுந்தபடி மாற்றிக்கொள்ளுங்கள். படம் வரைவது, டிசைன் வேலை மாதிரி வளைவாகக் கை போக வேண்டிய எதற்கும் இது சரிவராது. எட்டுத் திசைதான் உண்டு, வளைத்து ஓட்ட வழியில்லை. பில், கணக்கு, மெயில் இதற்கெல்லாம் தாராளம்.

ஆனால் ஒரு விஷயம் யோசித்துக்கொள்ளுங்கள். கீயை அழுத்திப் பிடித்துக்கொண்டே இருப்பதும் விரலுக்கு வேலைதான். வலி விரலுக்கு இறங்குகிறது என்று தோன்றினால் இடது கையால் நம்பர் பேடைத் தட்டிப் பாருங்கள், தனியாக விற்கும் யுஎஸ்பி நம்பர் பேடு ஒன்று வாங்கி கீபோர்டுக்கு இடப்பக்கம் வைத்துக்கொண்டால் அது சிரமமாக இருக்காது. டாக்டரிடமும் எப்படிப் பயன்படுத்துகிறீர்கள் என்று செய்து காட்டிக் கேட்டுவிடுங்கள்.

புது மவுஸ் வாங்கிட்டு வந்துட்டேன். இத எப்படி நிறுத்தறது?

ஆன் செய்த அதே மூன்று கீ. இந்தத் தடவை பெட்டி கேட்காது, ஒலி மட்டும் இறங்கிக் கேட்கும். நம் லாக் டிக்கை நீங்கள் எடுத்திருந்தால் அதைத் திரும்பப் போட வேண்டியதில்லை, அடுத்த தடவை மவுஸ் போகும்போது உதவும். நிறுத்தும் முன் வகுத்தலும் புள்ளியும் ஒரு தட்டுத் தட்டிவிடுங்கள், 0-இல் எதையாவது பிடித்தபடி விட்டிருந்தால் புது மவுஸும் கோளாறு என்று திருப்பிக் கொடுக்கக் கடைக்குப் போக வேண்டி வரும்.